தலையும் வாலும் வெட்டிய வீடியோ

சுந்தரவல்லிக்கு அறுபத்து மூன்று வயது. கொல்கத்தாவின் பெஹாலாவில், டிராம் டிப்போவிலிருந்து உள்ளே போகும் சந்தில், இரண்டாவது மாடி வீட்டில் தனியாக இருந்தாள். புருஷன் தமிழரசன் ஹவுராவில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அவள் துறைமுகத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தேழு வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். யார் யாரோடு பேசினார்கள், எந்த அதிகாரி எந்த வீட்டுக்கு எத்தனை தடவை லைன் கேட்டார் என்பதெல்லாம் அந்தக் காதுக்குத் தெரியும். வாய்க்கு மட்டும் தெரியாது. அப்படிப்பட்ட பொம்பளை.

சொந்தக்காரர்கள் நடுவே அவளுக்கு வீடியோ அத்தை என்று பேர். செங்கல்பட்டில் இருக்கும் தம்பி ஏழுமலைக்குப் பென்ஷன் பக்கம் திறக்கவில்லை என்றாலும் சரி, வேலூரில் இருக்கும் சின்னம்மா மருமகளுக்கு கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வரவில்லை என்றாலும் சரி, வல்லிக்குத்தான் போன் வரும். போனிலேயே சொன்னால் யாருக்கும் ஏறாது. "மேலே மூணு கோடு இருக்கு பாரு" என்பாள். "எங்க நீ சொல்ற கோடு?" என்பார்கள். அதனால் தன் போன் திரையையே படம் பிடித்து, இங்கே தொடு, அங்கே தொடு என்று குரலும் கொடுத்து, அரை நிமிஷ வீடியோவாக அனுப்பிவிடுவாள்.

இதை அவளுக்குக் கற்றுக் கொடுத்தவள் ஏழுமலையின் மகள் ஜெயப்ரியா. கம்ப்யூட்டர் படித்த பெண். "திரையை மேலேர்ந்து கீழே இழுங்க அத்தே, ஸ்க்ரீன் ரெக்கார்டர்னு இருக்கும், தொடுங்க. மைக் வேணுமான்னு கேக்கும், வேணும்னு சொல்லுங்க. மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு எண்ணிட்டு ஆரம்பிச்சிடும். முடிஞ்சதும் நிறுத்துங்க. ஆனா அப்படியே அனுப்பிடாதீங்க. ஆரம்பத்துல நீங்க ஆப்பைத் தேடுறது, கடைசியில நிறுத்துறதுக்காகத் திரையை இழுக்கிறப்ப உங்க மெசேஜெல்லாம் கொட்டுறது, எல்லாம் அதுல வரும். கேலரில திறந்து பென்சிலைத் தொட்டு ரெண்டு ஓரத்தையும் உள்ள தள்ளுங்க. தலையும் வாலும் போயிடணும்" என்று சொல்லிக் கொடுத்தாள்.

"நடுவுல ஏதாச்சும் வந்துட்டா?"

"நடுவுல விழுந்ததை இந்தக் கத்திரியால வெட்ட முடியாது அத்தே. முதல்லேர்ந்து திரும்ப எடுக்க வேண்டியதுதான்."

அந்த ஜெயப்ரியாவை விக்ரமுக்குப் பேசி முடித்ததும் இதே சுந்தரவல்லிதான். விக்ரம் வேறு யாருமில்லை. தமிழரசனின் உடன்பிறந்த அக்கா தமிழரசியின் ஒரே மகன். அம்மாவுக்குத் தம்பி பெண்டாட்டி என்ற முறையில் அவனுக்கும் வல்லி அத்தை. இரண்டு பக்கமும் அவளை அத்தை என்று கூப்பிட்டதில் அப்போது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பையன் நல்ல வேலை, சென்னை அம்பத்தூரில் சொந்த ஃபிளாட், குடி கிடையாது, சத்தமாகக்கூடப் பேச மாட்டான். தமிழரசன் இறந்தபோது பதினாறு நாளும் கூடவே இருந்து எல்லாக் காரியத்தையும் பார்த்தவன். கிளம்பும்போது அவள் போனை வாங்கி, "நீங்க தனியா இருக்கீங்க அத்தை. எங்க இருக்கீங்கன்னு எனக்கு மேப்ல தெரிஞ்சா நிம்மதி" என்று என்னவோ அமுக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். எத்தனை அக்கறை என்று அன்று அவள் கண் கலங்கினாள்.

போன மாசி மாதம் வேலூரில் ஒரு கல்யாணம். பந்தி நடந்துகொண்டிருந்தது. கை கழுவும் இடத்தில் ஜெயப்ரியா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். வெயில் கொளுத்துகிற நேரத்தில் முழுக்கை ரவிக்கை. தண்ணீர் படாமல் இருக்கக் கையை மேலே ஏற்றியபோது மணிக்கட்டைச் சுற்றி மஞ்சளாகவும் ஊதாவாகவும் ஒரு பட்டை தெரிந்தது. வல்லி பார்த்ததை அவளும் பார்த்தாள். ரவிக்கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"அத்தே, எனக்குத் தெரிஞ்ச ஒண்ணை, தெரியாதுன்னு ஒருநாள் உங்ககிட்ட கேப்பேன். ஏன்னு கேக்காம செய்யுங்க."

"உங்க அப்பன்கிட்ட சொன்னியாடி?"

"சொன்னேன். மாப்பிள்ளை தங்கம், நீதான் வாயாடின்னாரு." அதற்குள் பின்னாலிருந்து விக்ரம் துண்டை நீட்டினான். "கையைத் துடைச்சுக்கோ ஜெயா" என்றான், சிரித்துக்கொண்டே.

அந்த ஒருநாள் ஐப்பசியில் வந்தது. திங்கட்கிழமை பத்து மணி. ஜெயப்ரியாவிடமிருந்து ஒரு குரல் செய்தி. "அத்தே, டிரெயின் டிக்கெட் கன்ஃபர்ம் ஆச்சான்னு எப்படிப் பாக்குறது? எனக்குத் தெரியல. என் ஃப்ரெண்டு வியாழக்கிழமை காலையில கிளம்பணும். வீடியோ ஒண்ணு அனுப்புறீங்களா?" குரலுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. அதற்குப் பின்னால், மிக அருகில், ஒரு ஆண் தொண்டையைச் செருமினான்.

வல்லி அதை மூன்று தடவை கேட்டாள். போனுக்குள்ளே இருக்கிற சமாசாரம் அத்தனையும் தெரிந்த பெண்ணுக்கு, பட்டறையில் மூட்டை தூக்கும் கலாசிக்குக்கூடத் தெரிந்த விஷயம் தெரியவில்லையாம். ஃப்ரெண்டு யாருமில்லை, கிளம்பப் போவது இவளேதான். எக்ஸ்சேஞ்சில் லைன் திறந்திருக்கும்போது மூச்சுவிடக்கூட பயப்படுவார்கள். அப்படி உட்கார்ந்திருந்தாள் கொஞ்ச நேரம்.

திருப்பிக் கூப்பிட வழியில்லை. அந்த வீட்டில் யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும் என்பது சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வீடியோ அத்தை வீடியோ அனுப்பினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குடும்ப குரூப்பில் கேலி பண்ணுகிற விஷயம் அது.

அன்றே தன் கணக்கிலிருந்து டிக்கெட் எடுத்தாள். சென்னையிலிருந்து ஹவுரா, வியாழன் காலை ஏழு மணி வண்டி. ஏசியில் ஒரு படுக்கை இருந்தது. பயணி பெயர் ஜெயப்ரியா. மொபைல் நம்பர் கேட்ட இடத்தில் தன் நம்பரைப் போட்டாள், ரயில்வேயிலிருந்து வரும் மெசேஜ் வேறு எங்கேயும் போய்விடக்கூடாதென்று. பிறகு யோசித்தாள். டிக்கெட்டைப் பற்றி இவளுக்கு எப்படித் தெரிவிப்பது?

அதற்கு வழி அந்தக் கேள்வியிலேயே இருந்தது. பத்து இலக்க நம்பரைப் போட்டு நிலவரம் பார்க்கிற பக்கத்தில் வண்டி, தேதி, எங்கிருந்து எங்கே, எந்தப் பெட்டி, எந்தப் படுக்கை எல்லாம் வரும். ஆள் பேர் வராது. பயணி ஒன்று என்று மட்டும் போட்டிருக்கும். எடுத்துக்காட்டுக்கு ஏதோ ஒரு நம்பர் போட்டுக் காட்டுகிறாள் கிழவி என்றுதான் பார்க்கிறவன் நினைப்பான். வேண்டியவளுக்கு வேண்டியது போய்விடும். அடையாள அட்டையோடு அந்தப் படுக்கையில் போய் உட்கார்ந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை காலையில் பதிவு செய்ய உட்கார்ந்தாள். டிக்கெட் பட்டியலைத் திறந்து நம்பரை நகலெடுத்தாள். நிலவரப் பக்கத்துக்குப் போய் நம்பரை இட்டாள். "இப்ப இந்த நீலப் பொத்தானைத் தொடணும்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது திரையின் தலையிலிருந்து ஒரு செய்தி இறங்கியது. தம்பி ஏழுமலை. 'அக்கா, ஜெயா என்கிட்ட பேசவே மாட்டேங்குறா. உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா? மாப்பிள்ளை கேக்கறாரு.'

மாப்பிள்ளை கேட்கிறார். வல்லி பதிவை நிறுத்தினாள். திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பன்னிரண்டாம் விநாடியில் அந்த வரி நட்டநடுவே நின்றது. இந்தப் பக்கமும் வெட்டலாம், அந்தப் பக்கமும் வெட்டலாம், அதை ஒன்றும் செய்ய முடியாது. அழித்தாள். தம்பிக்கு ஒன்றும் பதில் போடவில்லை. தொந்தரவு செய்யாதே என்கிற நிலாப் படத்தை அமுக்கிவிட்டு மறுபடி எடுத்தாள்.

இரண்டாவது நன்றாக வந்தது. நாற்பத்தொரு விநாடி. முதல் பதினான்கு விநாடியில் டிக்கெட் பட்டியலில் ஜெயப்ரியாவின் பேர் இருந்தது. இடது ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினாள். கடைசி ஒன்பது விநாடியில், நிறுத்துவதற்காகத் திரையை இழுத்தபோது டிக்கெட் வந்த மெசேஜ் தெரிந்தது. வலது ஓரத்தையும் தள்ளினாள். பதினெட்டு விநாடி மிஞ்சியது. நகலாகச் சேமித்தாள். பழையது அப்படியே பக்கத்தில் நின்றது. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்க, பழையதை அழித்து, குப்பைக்குள்ளே போயும் அழித்துவிட்டுத்தான் அனுப்பினாள். கூடவே ஒரு வரி: 'இப்படித்தான் பாக்கணும்மா, உன் ஃப்ரெண்டுகிட்ட காட்டு.'

இரண்டு நீல டிக் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து ஒரு கட்டை விரல். அவ்வளவுதான்.

புதன்கிழமை மத்தியானம் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜெயப்ரியாவிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி. 'அத்தை, வீடியோ ஆரம்பத்துல கட் ஆயிருக்கு. கடைசியிலயும். முழுசா அனுப்புங்க.'

வல்லியின் கை சோற்றிலேயே நின்றது. தலையையும் வாலையும் வெட்டக் கற்றுக் கொடுத்தவள், வெட்டாமல் அனுப்பு என்று ஏன் கேட்கப் போகிறாள்? இது அவள் இல்லை. போன் அவளுடையது, விரல் வேறு.

முதலில் அனுப்பியதை இருவருக்குமாக அழித்துவிடலாமா என்று பார்த்தாள். அழித்தால் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று அங்கே ஒரு வரி நிற்கும். அது மாட்டிவைத்த பூட்டு மாதிரி, திறந்து பார் என்று சொல்லும். அழிக்காவிட்டால் வண்டியும் தேதியும் பெட்டியும் அவன் கையிலேயே இருக்கும். அவள் அழிக்கவில்லை. அது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எழுந்து கை கழுவிவிட்டு ஊருக்குள்ளேயே டாக்குரியாவில் இருக்கும் தீப்திக்குப் போன் செய்தாள். தீப்தி எக்ஸ்சேஞ்சில் இவளுக்குப் பக்கத்து நாற்காலி. வங்காளத்துக்காரி, இவளைவிட நாலு வயது இளையவள், வாய் மட்டும் பத்து வயது மூத்தது. இரண்டு பேரும் வங்காளியில்தான் பேசுவார்கள்; வல்லி அக்கா என்பதை வல்லிதி என்பாள் தீப்தி.

"நீ பூரிக்குப் போறதுக்கு நான் எடுத்துக் கொடுத்தேனே டிக்கெட், அதை வீடியோவுல காட்டிக்கவா?"

"வல்லிதி, என்னை சினிமாவுல நடிக்க வைக்கப் போறியா? முன்னாடியே சொல்லிருந்தா தலைக்கு மை போட்டிருப்பேனே."

"தீப்தி, வெள்ளிக்கிழமை காலையில நீ என்கூட ஹவுரா வரணும். ஏன்னு அப்புறம் சொல்றேன்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "எத்தனை மணிக்கு?" என்றாள் தீப்தி.

ரயில்வே மெசேஜை முதலில் அழித்துவிட்டு, பட்டியலைத் தீப்தியின் டிக்கெட் மட்டும் தெரியும்படி நகர்த்தி வைத்துவிட்டு, வல்லி புது வீடியோ எடுத்தாள். ஆப்பைத் தேடித் தடுமாறுகிறதிலிருந்து, பட்டியலில் தீப்தியின் பேர் தெரிகிறதிலிருந்து, கடைசியில் திரையை இழுத்து நிறுத்துகிறது வரைக்கும், ஒரு விநாடி வெட்டவில்லை. குரலில், "நேத்து ஒரு தெரிஞ்சவங்க டிக்கெட்டைப் போட்டுக் காட்டினேன், இன்னைக்கு இவ டிக்கெட்டு" என்று அசட்டுச் சிரிப்போடு சொன்னாள். அனுப்பினாள். நீல டிக் உடனே விழுந்தது. கட்டை விரல் வரவில்லை.

வியாழன் காலை ஏழு மணிக்கு வண்டி கிளம்பியிருக்கும். நம்பரைப் போட்டுப் பார்த்தாள். சார்ட் தயார், படுக்கை உறுதி என்று வந்தது. அந்தப் படுக்கையில் ஆள் இருக்கிறாளா என்பதை எந்தப் பக்கமும் சொல்லாது. அன்று முழுக்க அதே நம்பரைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். உறுதி, உறுதி என்றே வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் ஹவுராவில் நின்றார்கள். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். தீப்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தீப்தி மண்குவளையில் டீ வாங்கிக் கொடுத்தாள். பத்து மணிவாக்கில் பைக்குள்ளே போன் ஒருமுறை அதிர்ந்தது. வல்லி எடுக்கவில்லை. எடுத்தால் யார் பேர் தெரியுமோ என்று பயமாக இருந்தது.

வண்டி பன்னிரண்டரைக்கு வந்தது. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. ஒரு பட்டாளத்துக்காரர் இறங்கினார். மூட்டைகள் இறங்கின. பெட்டி காலியாகி, வாசல் வெறிச்சென்று ஆயிற்று. வல்லி தீப்தியின் கையைப் பிடித்தாள். அப்புறம்தான், எல்லாரும் போகட்டும் என்று கழிவறைப் பக்கம் ஒதுங்கி நின்ற ஜெயப்ரியா எட்டிப் பார்த்தாள். தோளில் ஒரு பை. அவ்வளவுதான் சாமான்.

"போன் எங்கடி?"

"வீட்டுலயே சார்ஜ்ல போட்டுட்டு வந்தேன் அத்தே. மேப்ல நான் இன்னும் படுக்கை அறையிலதான் இருக்கேன்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அவர் நேத்து விடியக்காலை பெங்களூர் போனாரு. ராத்திரி திரும்பியிருப்பாரு."

"முழு வீடியோ கேட்டது?"

"அவர்தான். ரெண்டையும் தன் போனுக்கு அனுப்பிக்கிட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. அதான் எனக்கு பயம்."

தீப்தி இருவரையும் படகுத்துறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாலத்தில் பஸ் நின்றுவிடும், ஃபெர்ரிதான் சீக்கிரம் என்றாள். படகு கரையை விட்டது. ஆற்றுக் காற்று முகத்தில் பட்ட பிறகுதான் வல்லி போனை எடுத்தாள். பத்து ஏழுக்கு வந்த செய்தி. விக்ரம், தன் சொந்த நம்பரிலிருந்து. ஒரு வீடியோ. கீழே ஒரு வரி: 'நானும் கத்துக்கிட்டேன் அத்தை. சரியா இருக்கா?'

அதுவும் திரையைப் படம் பிடித்ததுதான். தலையும் வாலும் அழகாக வெட்டியிருந்தான். குரல் இல்லை. பத்து இலக்கம் ஒவ்வொன்றாக விழுந்தது. வண்டி, பெட்டி, படுக்கை வந்தது. அந்தப் படுக்கை நம்பரின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மேப் திறந்தது. ஆற்றோரம் ஒரு சின்ன வட்டம், அதற்குள் வல்லியின் முகம். கீழே ஹவுரா என்று போட்டிருந்தது. விரல் அந்த முகத்தைப் பெரிதாக்கியது. பிறகு பெஹாலாவுக்கு நகர்த்தி, அவள் சந்தின்மேல் நிறுத்தியது. அதோடு முடிந்தது.

ஜெயப்ரியா படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எங்க இருக்கீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

பதினாறாம் நாள் கண் கலங்கிய அக்கறை அது. வல்லி வீடியோவை மறுபடி ஓட்டினாள். மூன்றாவது தடவை ஓட்டும்போது நிறுத்தினாள். மேப் திறக்கிற இடத்தில், திரையின் தலையிலிருந்து ஒரு செய்தி இறங்கி, இரண்டு விநாடி நின்று, ஏறிப் போனது. விமானக் கம்பெனியின் செய்தி. கொல்கத்தா விமானம், பத்து இருபத்தைந்துக்கு ஏறலாம், பதினோரு மணிக்குக் கிளம்பும், வாசல் எண் இன்னது.

"நடுவுல விழுந்ததை வெட்ட முடியாதுன்னு சொல்லிக் கொடுத்தியே. உன் புருஷனுக்குச் சொல்லிக் கொடுக்கலையா?"

ஜெயப்ரியா எட்டிப் பார்த்தாள். "ரெண்டே கால் மணி நேரம் அத்தே. ஒண்ணே கால் மணிக்கு இறங்கிடுவாரு." அப்போது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. "இப்ப வானத்துல இருக்காரு. போன் வேலை செய்யாது. மேப்பைத் திறந்து மேலே உங்க படத்தைத் தொடுங்க. லொகேஷன் ஷேரிங். அவர் பேர். நிறுத்துங்க."

வல்லி தொட்டாள். விக்ரமின் பேர் பட்டியலிலிருந்து போயிற்று. நாலு வருஷமாக அது அங்கே இருந்திருக்கிறது. அவள் மார்க்கெட்டுக்குப் போனதும், காளி கோயிலுக்குப் போனதும், தமிழரசனின் திதிக்கு ஆற்றங்கரைக்குப் போனதும் அவனுக்குத் தெரியும்.

அக்கரைப் படகுத்துறையான பாபுகாட்டில் இறங்கியதும் ஜெயப்ரியா, "எந்தப் பக்கம் போகணும்?" என்றாள்.

"வீட்டுப் பக்கம் இல்ல" என்றாள் வல்லி.

"முதல்ல தானா, அப்புறம் என் வீடு" என்று தீப்தி டாக்சியில் ஏறி உட்கார்ந்தாள். தானா என்றால் அங்கே போலீஸ் ஸ்டேஷன். "அந்த வீடியோவை அழிச்சுடாதே வல்லிதி. ஒரு விநாடி வெட்டாதே."

டாக்குரியாவுக்குப் பக்கத்து தானாவில் ஒரு பெண் அதிகாரி இருந்தாள். ஜெயப்ரியா ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். பழைய பட்டைக்கு மேலே புதிது ஒன்று. தீப்தி வங்காளியில் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதிக்கொண்டாள். "வீடியோ எங்கே?" என்று கேட்டாள். வல்லி போனை மேஜைமேல் வைத்து ஓடவிட்டாள். இலக்கங்கள் விழுந்தன. பெட்டி வந்தது. படுக்கை வந்தது. மேப் திறந்தது.

வல்லியின் முகம் பெரிதாகிக்கொண்டிருந்தபோது, திரையின் தலையிலிருந்து ஒரு செய்தி இறங்கியது. இது வீடியோவுக்குள்ளே இருந்தது இல்லை. இப்போது வருவது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. "என்ன எழுதியிருக்கு?" என்று நிமிர்ந்து கேட்டாள்.

ஜெயப்ரியா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள், நாற்காலியைத் திருப்பிப் போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். வல்லிதான் படித்துச் சொன்னாள்.

"எங்க போயிட்டீங்க அத்தை? மேப்ல காணோமே."